காசாளர் இல்லாத கவுன்டரும் ஸ்மார்ட் ட்ராலியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பக்கத்தில் யாருமே இல்லை. நான் ஸ்கேன் செய்த பொருளைத்தான் பையில் வைத்தேன் என்று இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

பெரும்பாலான கவுன்டர்களில் எடையை வைத்துத்தான் தெரிகிறது. பார்கோடைப் படிக்கும் கண்ணாடி ஒரு பக்கம் இருக்க, பை வைக்கும் மேடை மறுபக்கம் இருக்கிறது. பார்ப்பதற்கு வெறும் பலகை போலத் தோன்றும் அந்த மேடையின் அடியில் லோட் செல் எனப்படும் சுமை உணரிகள் பொருத்தப்பட்டுள்ளன. சுமை ஏறும்போது உலோகத் துண்டு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை அதற்கேற்ப மாறுகிறது. அந்த மாற்றமே எடையாகக் கணக்கிடப்படுகிறது.

நீங்கள் ஒரு பொருளை ஸ்கேன் செய்தவுடன் கடையின் தரவுத்தளத்திலிருந்து அதன் பெயரும் விலையும் வருகின்றன. கூடவே அது எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்ற குறிப்பும் வருகிறது. அதன்பின் இயந்திரம் மேடையைக் கவனித்துக் காத்திருக்கிறது. ஏறிய எடை அந்தக் குறிப்புக்குப் பொருந்தினால் அடுத்த பொருளை ஸ்கேன் செய்ய அனுமதிக்கும், பொருந்தாவிட்டால் நிறுத்திவிடும். காசாளர் கண்ணால் பார்த்துச் செய்த சரிபார்ப்பை இங்கே தராசு செய்கிறது. ஆனால் தராசுக்குப் பொருள் தெரியாது, கிராம் மட்டுமே தெரியும். இந்தப் பக்கத்தில் வரும் தொல்லைகளில் பாதி இந்த ஓர் உண்மையிலிருந்து பிறப்பவை.

ஒரே கவுன்டரில் இரண்டு தராசுகள் இருக்கலாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் செய்யும் கண்ணாடியோடு சேர்ந்திருப்பது உதிரிப் பொருளை நிறுத்து விலை போடுவதற்கானது. அதை எடையளவுச் சட்டப்படி சோதித்து முத்திரையிட வேண்டும். பை மேடையில் இருப்பது சரிபார்ப்புக்கு மட்டுமானது. அதன் எடையை வைத்து உங்களிடம் பணம் வாங்குவதில்லை.

பார்கோடிலேயே விலை இருக்கிறதா? கோடுகளைத் தவறாகப் படித்து வேறு பொருளின் விலையைப் போட்டுவிட்டால்?

சாதாரணப் பொட்டலங்களில் விலை இருப்பதில்லை. பொருளை அடையாளம் காட்டும் எண் மட்டுமே இருக்கிறது, பெரும்பாலும் 13 இலக்கம். விலை கடையின் கணினியில் இருக்கிறது. அதனால்தான் அலமாரியில் ஒரு விலையும் திரையில் வேறொரு விலையும் வரும்போது, குற்றம் ஸ்கேனருடையதாக இருப்பது அரிது. இரண்டில் ஒன்றைப் புதுப்பிக்க மறந்திருப்பார்கள்.

விதிவிலக்கு, கடையிலேயே நிறுத்து ஒட்டப்படும் சீட்டு. 20 முதல் 29 வரையான எண்களில் தொடங்கும் குறியீடுகள் கடைகளின் உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டவை. எடுத்துக்காட்டாக, ஒரு கடை 2104512013409 என்று அச்சிடுவதாக வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு இலக்கங்கள் 'இது உள்சீட்டு' என்கின்றன. அடுத்த ஐந்தான 04512 பொருளின் எண். அதற்கடுத்த ஐந்தான 01340 எடை, அதாவது 1.340 கிலோ, கடைசி 9 சரிபார்ப்பு இலக்கம். எடைக்குப் பதிலாக விலையையே அச்சிடும் கடைகளும் உண்டு.

அந்தக் கடைசி இலக்கந்தான் தவறான வாசிப்பைத் தடுக்கிறது. இடமிருந்து தொடங்கி, முதல் இலக்கத்தை 1 ஆலும் அடுத்ததை 3 ஆலும் மாறி மாறிப் பெருக்கிக் கூட்டினால் மேற்கண்ட எண்ணுக்கு 41 வருகிறது. அடுத்த பத்தின் மடங்கான 50ஐ எட்ட 9 தேவை. எடையில் உள்ள 3ஐ ஸ்கேனர் 8 என்று படித்துவிட்டால் கூட்டுத்தொகை 56 ஆகிறது. அப்போது கடைசி இலக்கம் 4 ஆக இருந்திருக்க வேண்டும், 9 பொருந்தாது. உடனே அந்த வாசிப்பு தள்ளப்படுகிறது. உங்களுக்கு 'பீப்' ஒலி கேட்காது, அவ்வளவுதான். ஓர் இலக்கம் மட்டும் பிழையானால் இந்த முறை தவறாமல் பிடித்துவிடும். ஆகவே, கசங்கிய பார்கோடு படிக்கப்படாமல் போகலாமே தவிர, வேறு பொருளாகப் படிக்கப்படுவது மிக அரிது.

'பை மேடையில் எதிர்பாராத பொருள் உள்ளது' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. நான் எதையுமே தவறாக வைக்கவில்லையே?

உங்கள் மேல் பிழை இல்லாமலும் இது நடக்கும். ஒரு நிகழ்வை எண்களோடு பார்த்தால் விளங்கும்.

மேடையில் ஏற்கெனவே 1,475 கிராம் இருக்கிறது. நீங்கள் ஒரு சோப்பை ஸ்கேன் செய்கிறீர்கள். தரவுத்தளம் அதன் எடையை 131 கிராம் என்கிறது. 8 கிராம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று கடை அமைத்திருக்கிறது. ஆக, சோப்பு வைக்கப்பட்டபின் 1,598 முதல் 1,614 கிராம் வரை எங்கே நின்றாலும் சரி. 1,609 என்று நின்றால் வேலை முடிந்தது. ஆனால் சோப்பை வைக்கும்போதே கைப்பையின் நுனியும் மேடையில் படிந்து 1,669 ஆனால் 60 கிராம் மிகை, இயந்திரம் நிறுத்திவிடும். சோப்பை வைத்த கையை எடுக்காமல் பையைச் சரிசெய்துகொண்டிருந்தாலும் இதே கதிதான், ஏனென்றால் எடை ஓரிடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும்.

வாடிக்கையாளரின் கையில் இல்லாத காரணமும் ஒன்று உண்டு. என் கணிப்பில் மிகுந்த எரிச்சலைத் தருவது அதுதான். உற்பத்தியாளர் உறையை மாற்றுகிறார், அல்லது '20 விழுக்காடு கூடுதல்' என்று பெரிய பொட்டலத்தை அதே பார்கோடோடு அனுப்புகிறார். கடையின் குறிப்பு பழைய எடையிலேயே நிற்கிறது. அன்றைக்கு அந்தப் பொருளை வாங்கும் ஒவ்வொருவரையும் இயந்திரம் சந்தேகிக்கும். பல அமைப்புகள் இதைக் கற்றுக்கொள்ளும்படி செய்யப்பட்டுள்ளன: ஊழியர் வந்து 'சரி' என்று ஒப்புதல் கொடுக்கும்போதெல்லாம் புதிய எடை குறித்துக்கொள்ளப்பட்டு, சில ஒப்புதல்களுக்குப் பிறகு அதுவும் ஏற்கத்தக்க எடைகளில் ஒன்றாகச் சேர்கிறது. எனவே குறிப்பிட்ட ஒரு பொருளுக்கு மட்டும், எந்தக் கவுன்டரிலும், எல்லோருக்கும் தடை வந்தால் தரவு பழையது என்று கொள்ளலாம். எல்லாப் பொருளுக்கும் ஒரே கவுன்டரில் மட்டும் தடை வந்தால் அந்த மேடைதான் பழுது. ஓரத்தில் நாணயமோ பொட்டலத் துண்டோ சிக்கி மேடையைத் தாங்கிக்கொண்டிருப்பது வழக்கமான காரணம்.

அந்த 8 கிராமை 80 ஆக்கிவிட்டால் தொல்லை தீருமே என்று தோன்றும். தொல்லை தீரும், ஆனால் ஸ்கேன் செய்யாத ஒரு சிறிய பொருள் அந்த இடைவெளிக்குள் ஒளிந்து போகவும் வழி பிறக்கும். கடைக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்கிறார். சில கடைகள் பை மேடையின் சரிபார்ப்பையே அணைத்துவிட்டு, கேமராவையும் வாசல் சோதனையையும் நம்பத் தொடங்கியிருப்பதும் இதனால்தான்.

வீட்டிலிருந்து கொண்டுவந்த பையை எப்போது வைக்க வேண்டும்?

முதல் பொருளை ஸ்கேன் செய்வதற்கு முன்பே, திரையில் சொந்தப் பைக்கான பொத்தானை அழுத்திவிட்டு வைக்க வேண்டும். அப்போது இயந்திரம் பையின் எடையைக் கழித்து மேடையைச் சுழியத்துக்குக் கொண்டுவரும். இதற்கும் ஓர் உச்சவரம்பு இருக்கும். கனமான சக்கரப் பையையோ, உள்ளே ஏற்கெனவே பொருள் உள்ள பையையோ வைத்தால் ஊழியரை அழைக்கும். நடுவில் இரண்டாவது பை தேவைப்பட்டால் மறுபடி பொத்தானை அழுத்திய பிறகே வையுங்கள்.

வாழ்த்து அட்டை போன்ற லேசான பொருளை மேடை உணருமா?

சில கிராம் எடையுள்ள அட்டையை அந்தத் தராசால் நம்பகமாக உணர முடியாது. அத்தகைய பொருள்களுக்குத் தரவுத்தளத்தில் 'எடை பார்க்க வேண்டாம்' என்று குறித்திருப்பார்கள். மேடையில் அடங்காத மிகப் பெரிய பொட்டலங்களுக்கும் அப்படியே.

நிறுத்து விற்கும் பழங்களை நானே தேர்ந்தெடுக்கிறேன். விலை உயர்ந்ததை எடுத்துவிட்டு மலிவானதன் படத்தைத் தொட்டால் பிடிபடாதா?

எடையால் பிடிபடாது. பொட்டலத்துக்கு எதிர்பார்க்கும் எடை முன்கூட்டியே தரவுத்தளத்தில் இருக்கிறது. உதிரிப் பழத்துக்கோ அப்படியொரு எடை இருக்க முடியாது. இயந்திரம் தானே நிறுத்த எடையைத்தான் எதிர்பார்க்கும் எடையாக வைத்துக்கொள்கிறது. 742 கிராம் என்று நிறுத்த பழத்தை மேடையில் வைத்தால் அங்கும் 742 கிராம்தான் வரும். அது எந்தப் பழம் என்று கேட்க யாரும் இல்லை. தராசு தன் சாட்சியைத் தானே எழுதிக்கொள்ளும் இடம் இது.

இந்த ஓட்டையை அடைக்கவே நிறுக்கும் தட்டின் மேல் கேமரா வைக்கிறார்கள். படத்திலிருந்து பழத்தை அடையாளம் காணும் மென்பொருள், வாய்ப்புள்ள சில பெயர்களை மட்டும் திரையில் காட்டுகிறது; நீங்கள் பொருந்தாத ஒன்றைத் தொட்டால் ஊழியருக்குத் தகவல் போகிறது. நேர்மையான வாடிக்கையாளருக்கும் இது உதவி, ஏனெனில் நூற்றுக்கணக்கான படங்களில் தேட வேண்டியதில்லை. ஒளி ஊடுருவாத உறையில் இருந்தாலோ, நிறத்தாலும் வடிவத்தாலும் ஒன்றுபோல இருக்கும் வகைகளாக இருந்தாலோ கேமராவும் தடுமாறும். ஒரே பழத்தின் சாதாரண வகையையும் இயற்கை முறையில் விளைந்த வகையையும் எந்தக் கேமராவாலும் பிரித்துச் சொல்ல இயலாது.

ஸ்மார்ட் ட்ராலியில் இதெல்லாம் எப்படி வேறுபடுகிறது?

கவுன்டர் செய்யும் வேலை முழுவதும் வண்டிக்குள் போய்விடுகிறது. கைப்பிடி அருகே திரையும் பார்கோடு ஸ்கேனரும், கூடையின் விளிம்பில் கேமராக்களும், கூடையின் அடியில் லோட் செல்களும், இவற்றுக்கு மின்சாரம் தர ஒரு மின்கலமும் இருக்கின்றன. அமேசான் நிறுவனம் தன் 'டேஷ் கார்ட்' வண்டியை 2020இல் அறிவித்தது. 2024இல் தன் ஃப்ரெஷ் கடைகளில், கூரைக் கேமராக்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் முறையைக் கைவிட்டு இந்த வண்டியின் பக்கம் திரும்பியது. கடை முழுவதையும் கண்காணிப்பதைவிட ஒரு கூடையின் வாயை மட்டும் கண்காணிப்பது எளிது என்பதை நினைத்தால் அந்த முடிவு வியப்பளிக்காது.

ட்ராலியில் மூன்று சாட்சிகள் ஒத்துப்போக வேண்டும். ஸ்கேனர் 'இன்ன எண்' என்கிறது. கேமரா 'ஒரு கை உள்ளே வந்து வெறுங்கையாகத் திரும்பியது' என்கிறது. எடை உணரி '480 கிராம் கூடியது' என்கிறது. ஸ்கேனர் மட்டும் மௌனமாக இருந்தால், அதாவது எடை கூடியும் பார்கோடு படிக்கப்படவில்லை என்றால், சில நொடிகளில் திரை ஒலியெழுப்பி ஸ்கேன் செய்யச் சொல்லும். சில வண்டிகளில் கேமராவே பொருளை அடையாளம் கண்டு பில்லில் சேர்த்துவிடும்.

சாய்தளத்தில் தள்ளிச் சென்றபோது 'பொருள் எடுக்கப்பட்டதா?' என்று கேட்டது. நான் எதையும் தொடவில்லை.

நீங்கள் பொய் சொல்லவில்லை, வண்டியும் பொய் சொல்லவில்லை. தட்டு சமமாக இருந்தால்தான் முழு எடையும் அதன்மேல் நேராக இறங்கும். சாய்ந்தால் ஒரு பகுதி பக்கவாட்டில் போய்விடும். கூடையில் 20 கிலோ இருக்கும்போது வண்டி 5 பாகை சாய்ந்தால் உணரி சுமார் 76 கிராம் குறைத்துக் காட்டும். ஒரு சிறிய சோப்பை எடுத்து வைத்ததற்கு ஒப்பான குறைவு அது. 2 பாகை சாய்வில் 12 கிராம்தான் குறையும். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. கவுன்டரின் மேடை தரையில் அசையாமல் நிற்பதால் அதற்கு இந்தக் கவலை கிடையாது.

இதைச் சமாளிக்க, வண்டியில் சாய்வையும் அசைவையும் உணரும் சிறு சில்லுகளை வைக்கிறார்கள். சாய்வு தெரிந்தால் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம். சக்கரம் உருண்டுகொண்டிருந்தால் எடையை நம்பாமல், வண்டி நிற்கும் வரை காத்திருக்கலாம். எனவே ஓடும் வண்டியில் பொருளைப் போடாமல் நிறுத்திவிட்டு, ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றாக வைத்தால் தவறான எச்சரிக்கைகள் பெருமளவு குறையும். குழந்தை கூடையைப் பிடித்துத் தொங்குவதும், கைப்பையைக் கூடைக்குள் வைப்பதும் இதே வகைத் தொல்லைகளைத் தருபவை.

ட்ராலியின் தராசை வைத்து உதிரிப் பொருளுக்கு விலை போடுவதானால், அது விற்பனைத் தராசுக்குரிய சட்டச் சோதனையைத் தேற வேண்டும். உருண்டும் மோதியும் பயன்படும் ஒரு பொருளுக்கு அது எளிதல்ல. அதனால்தான் பல கடைகளில் பழத்தை முதலில் நிலையான தராசில் நிறுத்துச் சீட்டு ஒட்டிக்கொண்டு, அந்தச் சீட்டை ட்ராலியில் ஸ்கேன் செய்யச் சொல்கிறார்கள்.

வேண்டாமென்று ஒரு பொருளை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டேன். பில்லிலிருந்து தானாகவே போய்விடுமா?

வண்டியைப் பொறுத்தது. சிலவற்றில் பொருளை வெளியே எடுக்கும்போது மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். சிலவற்றில் திரையில் அந்த வரியை நீக்க வேண்டும். கேமரா உள்ளவற்றில் வண்டியே கண்டுகொள்ளும். எடை ஒத்த இரண்டு பொருள்கள் இருந்தால் இங்கே குழப்பம் வரலாம். ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுள்ள இரண்டு மணங்களில் ஷாம்பு வாங்கி, ஒன்றை மட்டும் திருப்பி வைத்தால், குறைந்த எடை எந்தப் புட்டியினுடையது என்று தராசுக்குத் தெரியாது. விலை வேறாக இருந்தால் அது உங்கள் பணம். ஆகவே எடுத்தவுடன் திரையில் அந்த வரி மறைந்ததா என்று பார்த்துவிட்டு நகர்வது நல்லது.

தானாகவே பணம் கட்டும் கவுன்டரில் ஏன் அடிக்கடி ஊழியர் வர வேண்டியிருக்கிறது?

எடை பொருந்தாமை ஒரு காரணம். வயது வரம்புள்ள பொருளுக்கு ஒரு மனிதர் பார்த்து ஒப்புதல் தர வேண்டியிருப்பது மற்றொன்று. ஸ்கேன் செய்த பொருளை நீக்குவதற்கும் பல கடைகள் ஊழியரின் அனுமதியைக் கோருகின்றன, ஏனெனில் 'நீக்கிவிட்டுப் பையில் வைத்துக்கொள்வது' பழைய தந்திரம். ஓர் ஊழியர் தன் திரையில் பல கவுன்டர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். கம்பத்தின் உச்சியில் எரியும் விளக்கின் நிறத்தை வைத்து எங்கே போக வேண்டும் என்று அறிவார். ஆக, காசாளர் முற்றாக மறைந்துவிடவில்லை. ஒரு கல்லாவிலிருந்து எழுந்து பல கல்லாக்களுக்கு நடுவே நிற்கிறார்.

துணிக்கடையில் கூடையை வைத்ததுமே பில் வந்தது, ஸ்கேன் செய்யவே இல்லை. மளிகைக்கும் அப்படிச் செய்யக் கூடாதா?

அது ஆர்எஃப்ஐடி எனும் வானொலி அலைச் சில்லு. விலைச்சீட்டுக்குள் இருக்கும் சில்லு, கவுன்டரின் அலையிலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் எண்ணைச் சொல்கிறது. பத்து உடைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படிக்கப்படுகின்றன. துணிக்கு இது அருமையாகப் பொருந்தும். மளிகையிலோ தண்ணீர் அந்த அலையை விழுங்குகிறது, உலோகம் திருப்பியடிக்கிறது. பானப் புட்டியும் தகர டப்பாவும் நிறைந்த கூடையில் சில சில்லுகள் விடுபட்டுப் போகும். மிக மலிவான ஒரு பொட்டலத்தின் லாபத்தைச் சில்லின் விலையே தின்றுவிடும் என்பதும் தடை.

பணம் கட்டும்போது இணைப்பு அறுந்தது. கணக்கில் பணம் கழிந்துவிட்டது, ரசீது வரவில்லை. மறுபடி கட்ட வேண்டுமா?

உடனே மறுபடி கட்டாதீர்கள். ஊழியரை அழைத்து, அந்தப் பரிவர்த்தனையின் நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கவுன்டரோ ட்ராலியோ உங்கள் அட்டையைத் தானே கையாள்வதில்லை. பக்கத்தில் பொருத்தப்பட்ட கட்டணக் கருவிதான் அட்டையைப் படித்து, மறையாக்கம் செய்து வங்கிக்கு அனுப்புகிறது. பில் போடும் கணினி அந்தக் கருவியிடம் தொகையைச் சொல்லி, 'ஏற்கப்பட்டது' அல்லது 'மறுக்கப்பட்டது' என்ற விடையை மட்டும் எதிர்பார்க்கிறது. வங்கி ஏற்றுக்கொண்டு, அந்த விடை திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்தால் கடைக்கு விடை தெரியாது, வங்கியோ தொகையை ஒதுக்கிவிட்டிருக்கும். அதற்காகவே, குறித்த நேரத்தில் விடை வராவிட்டால் முந்தைய கோரிக்கையை ரத்துசெய்யும் செய்தியைக் கருவி அனுப்பும்படி அமைக்கப்பட்டுள்ளது.

ஆகவே அலைபேசியில் வந்த குறுஞ்செய்தியை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. கடையின் பதிவில் அந்த விற்பனை முடிந்ததாக இருந்தால் ரசீதை மறுபடி அச்சிட்டுத் தருவார்கள். முடியாததாக இருந்தால், ஒதுக்கிய தொகை உங்கள் வங்கியின் நடைமுறைப்படி திரும்பும். அப்போதுதான் வேறு முறையில் கட்ட வேண்டும். தேதி, நேரம், கவுன்டர் எண், தொகை ஆகிய நான்கையும் அங்கேயே குறித்துக்கொண்டால் பின்னால் வங்கியிடம் பேசும்போது வேலை பாதியாகும்.

பணம் கட்டிய பிறகும் வாசலில் அலாரம் அடித்தது ஏன்?

வாசல் கம்பங்களுக்கு உங்கள் பில் தெரியாது; பொருளில் ஒட்டிய திருட்டுத் தடுப்புச் சீட்டு உயிரோடு இருக்கிறதா என்பது மட்டுமே தெரியும். கவுன்டரில் அந்தச் சீட்டைச் செயலிழக்கச் செய்யும் தட்டு ஸ்கேனரின் அருகில் இருக்கிறது. பொருளை அதன்மேல் படாமல் தூக்கிப்பிடித்து ஸ்கேன் செய்தால் விலை பதியும், சீட்டு விழித்தே இருக்கும். பிளாஸ்டிக் வில்லை போன்ற கடினமான பூட்டு இருந்தால் எந்தத் தட்டாலும் பயனில்லை. அதை ஊழியர்தான் கழற்ற வேண்டும். ட்ராலியில் ஸ்கேன் செய்பவர்கள் இத்தகைய பொருள்களை மட்டும் வெளியேறும் முன் ஊழியரிடம் காட்டிவிட வேண்டும். ரசீதின் பார்கோடைக் காட்டினால் திறக்கும் கதவு இதனோடு தொடர்பில்லாத வேறொரு சோதனை. ரசீதைக் கையிலேயே வைத்திருங்கள்.